சம்பளப் பேச்சில் ரெக்ரூட்டருக்கு அனுப்பும் செய்தியைத் திருத்தி எழுதுவது எப்படி? சிங்கப்பூரில் வேலை மாறுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சம்பளம் பேசும் கட்டத்தில் ரெக்ரூட்டருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடும் நான்கு வரி அவரோடு நிற்பதில்லை. நான் சில ஆண்டுகள் ஒரு வேலை நியமன முகவையில் இருந்தேன். வேட்பாளர் எழுதியதை அப்படியே எடுத்து, நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்குப் போகும் மின்னஞ்சலில் ஒட்டி அனுப்புவோம். நேரமில்லாத நாளில் ஸ்கிரீன்ஷாட்டே போய்விடும். அங்கிருந்து அது துறை மேலாளரிடமும், சம்பளத்துக்கு ஒப்புதல் தருபவரிடமும் போகும். உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் அந்த நான்கு வரியை வைத்து முடிவெடுப்பார்.

அதனால் ஒவ்வொரு செய்திக்கும் ஒரே சோதனைதான்: இதை ஒரு சொல் மாற்றாமல் மேலே அனுப்பினால் ஒப்புதல் தருபவருக்குக் காரணம் கிடைக்குமா? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தச் சோதனைக்காகத்தான்.

எடுத்துக்காட்டாக, எனக்குத் தங்கை முறையான ஒரு பெண்ணின் பேச்சுவார்த்தையை எடுத்துக்கொள்கிறேன். வயது 32, நிரந்தரவாசி, ஜூரோங் பக்கம் ஒரு நிறுவனத்தில் சரக்குத் திட்டமிடல் வேலை. நவம்பர் மாதம் வேறொரு நிறுவனத்திலிருந்து வாய்ப்பு வந்தது. செய்திகள் ஆங்கிலத்திலும் சிங்லிஷிலும் போயின. இங்கே தமிழில் தருகிறேன்; வாக்கியங்களின் வரிசையும் எண்களும் ஆங்கிலத்தில் எழுதும்போதும் அப்படியே இருக்கட்டும்.

## 1. ஒரு சொல்கூட எழுதுமுன் ஆண்டுக் கணக்கைப் போடுங்கள்

பலர் மாதச் சம்பளத்தை மட்டும் ஒப்பிடுகிறார்கள். தங்கையும் அப்படித்தான். இப்போது 4,800 வெள்ளி, புதிய இடத்தில் 5,400. மாதம் 600 கூடுகிறது என்ற மகிழ்ச்சியில் சரி சொல்லத் தயாராகிவிட்டாள்.

அவளுடைய இப்போதைய ஒப்பந்தத்தில் 13ஆவது மாதச் சம்பளம் உண்டு. போக்குவரத்துப் படி மாதம் 150. 4,800ஐ 13ஆல் பெருக்கினால் 62,400. படி ஆண்டுக்கு 1,800. ஆக, உறுதியாகக் கையில் வருவது 64,200 வெள்ளி. புதிய வாய்ப்பில் 13ஆவது மாதம் இல்லை, படியும் இல்லை. 5,400 பெருக்கல் 12, 64,800. மாதம் 600 கூடியதாக நினைத்தது ஆண்டுக்கே 600தான்.

இது சிங்கப்பூரில் அடிக்கடி நடக்கும் சறுக்கல். 13ஆவது மாதச் சம்பளத்தைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. ஆகவே இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறுதியானதை ஒரு பத்தியிலும், நிறுவனம் விரும்பினால் மட்டும் தருவதை இன்னொரு பத்தியிலும் எழுதுங்கள். தங்கைக்குப் போன ஆண்டு ஒன்றரை மாத போனஸ் கிடைத்தது, அதாவது 7,200. அது மார்ச்சில்தான் வரும். ஜனவரியில் மாறினால் கிடைக்காது. இந்த 7,200ஐத் தனியாகக் குறித்துவையுங்கள். 6ஆவது படியில் தேவைப்படும்.

மத்திய சேம நிதியை இந்தக் கணக்கில் கலக்க வேண்டாம். 55 வயது வரை உள்ள குடிமக்களுக்கும், நிரந்தரவாசியாகி மூன்றாம் ஆண்டுக்கு வந்தவர்களுக்கும் முதலாளி செலுத்தும் 17 விழுக்காடு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 2026 ஜனவரி முதல் மாதச் சம்பள வரம்பு 8,000 வெள்ளி என்பதால், தங்கையின் சம்பளம் அதற்குள்ளேயே நிற்கிறது. ஆனால் ரெக்ரூட்டர் "மொத்த பேக்கேஜ்" என்று ஓர் எண் சொன்னால், அதில் முதலாளியின் சேமநிதி சேர்ந்திருக்கிறதா என்று உடனே கேளுங்கள். சேர்த்துச் சொல்வதும் உண்டு.

## 2. மூன்று எண்களை முடிவு செய்து, ஒன்றை மட்டும் வெளியே சொல்லுங்கள்

முதல் எண், இதற்குக் கீழே போனால் மாற மாட்டேன் என்பது. தங்கைக்கு அது 5,700. இரண்டாவது, கிடைத்தால் நிறைவு என்பது, 5,850. மூன்றாவது, கேட்கப்போவது, 6,000. மூன்றாவது மட்டுமே செய்தியில் வரும்.

கேட்கும் எண்ணுக்கு ஆதாரம் வேண்டும். மனிதவள அமைச்சு தொழில்வாரியாகச் சம்பள அட்டவணை வெளியிடுகிறது. அதில் இடைநிலைச் சம்பளத்தோடு கீழ்க் கால்பகுதி, மேல் கால்பகுதி எல்லைகளும் இருக்கும். அந்த எண்களில் போனஸும் முதலாளியின் சேமநிதியும் சேராது. ஆகவே உங்கள் அடிப்படைச் சம்பளமும் படியும் சேர்ந்த மாதத் தொகையோடு ஒப்பிடுங்கள். மைகரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் வேலை விளம்பரங்களோடு சம்பள வீச்சும் போடப்படுகிறது. நீங்கள் விண்ணப்பித்த அதே வேலை அங்கே இருந்தால் முதலில் அதைத் தேடிப் பாருங்கள். நிறுவனமே எழுதிவைத்த மேல் எல்லை கண்முன்னே இருக்கும்போது, அதைப் பார்க்காமல் பேசப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கீழ் எல்லையை ரெக்ரூட்டரிடம் நட்பாகக்கூடச் சொல்லாதீர்கள். முகவை ரெக்ரூட்டருக்குக் கட்டணம் தருவது நிறுவனம். பெரும்பாலும் உங்கள் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கு. உங்களுக்கு 300 வெள்ளி கூடினால் அவருக்கும் சிறிது கூடும்தான். ஆனால் வேலை கைகூடாமல் போனால் அவருக்கு ஒன்றுமே இல்லை. எனவே சீக்கிரம் முடியும் எண்ணை நோக்கியே அவர் நகர்வார். அது அவர் தொழில், குற்றம் சொல்வதற்கில்லை.

## 3. "இப்போ எவ்வளவு வாங்குறீங்க?" என்ற கேள்விக்கு

இது வாய்ப்புக் கடிதத்துக்கு முன்பே, முதல் தொலைபேசிப் பேச்சிலேயே வரும். தங்கை முதலில் எழுதிவைத்தது: "இப்போ ஒரு 5,500 கிட்ட வாங்குறேன்." போனஸைச் சேர்த்து மனக்கணக்காகச் சொன்னது அது.

இதை அனுப்ப விடவில்லை. இங்கே கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்கும் நிறுவனங்கள் நிறைய. வகைபிரித்த சம்பளச் சீட்டு 2016 ஏப்ரல் முதல் கட்டாயம் என்பதால், ஒவ்வொரு வெள்ளியும் அதில் தனித்தனியாகத் தெரியும். 5,500 என்று சொல்லி 4,800 சீட்டைக் கொடுத்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எந்த எண்ணையும் நம்ப மாட்டார்கள்.

இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. எதிர்பார்ப்பை மட்டும் சொல்வது ஒன்று: "இந்தப் பொறுப்புக்கு நான் எதிர்பார்ப்பது மாதம் 6,000 வெள்ளி. வேலையின் முழு விவரம் தெரிந்த பிறகு விரிவாகப் பேசலாம்." படிவத்தில் கட்டாயம் நிரப்ப வேண்டியிருந்தால், வகை பிரித்துச் சொல்வது மற்றொன்று: "அடிப்படை 4,800, போக்குவரத்துப் படி 150, ஒப்பந்தப்படி 13ஆவது மாதச் சம்பளம், போன ஆண்டு போனஸ் ஒன்றரை மாதம்." தங்கை இரண்டாவதை எடுத்தாள். உண்மையும் அதுதான், 4,800 என்று மொட்டையாகச் சொல்வதைவிடக் கனமும் அதற்குத்தான்.

## 4. வாய்ப்பு வந்ததும் நேரம் வாங்குங்கள்

ரெக்ரூட்டர் நல்ல செய்தி சொல்லும்போது "வாவ், சூப்பர், தேங்க்யூ சோ மச்!" என்று போகும் பதில், ஏற்றுக்கொண்டதாகவே படிக்கப்படும். மேலே போகும் சொல் "வேட்பாளருக்கு மகிழ்ச்சி". அதன் பிறகு எண்ணைப் பற்றிப் பேசினால் மனம் மாறியவராகத் தெரிவீர்கள்.

இவ்வளவு போதும்: "வாய்ப்புக்கு நன்றி. முழு விவரத்தையும் எழுத்தில் அனுப்புங்கள்: அடிப்படைச் சம்பளம், படிகள், 13ஆவது மாதம், போனஸ், விடுப்பு. படித்துவிட்டுப் புதன்கிழமைக்குள் பதில் தருகிறேன்." நன்றி இருக்கிறது, சம்மதம் இல்லை. நாளைச் சொல்லிவிட்டதால், தினமும் "எனி அப்டேட்?" என்று துரத்தலும் வராது. சொன்ன நாளில் கட்டாயம் பதில் அனுப்பிவிடுங்கள்.

## 5. எதிர்க்கோரிக்கைச் செய்தியை வரி வரியாகத் திருத்துங்கள்

இதுதான் முக்கியமான படி. தங்கை எழுதிவைத்திருந்த செய்தி இது:

"ஹாய்! ஆஃபருக்கு ரொம்ப தேங்க்ஸ். சாரி ஆ, தொந்தரவு பண்றதுக்கு. 5,400 கொஞ்சம் கம்மியோன்னு தோணுது. வீட்டு லோன் வேற இருக்கு, பையன் அடுத்த வருஷம் பிரைமரி ஒன் போறான். 5,700ல இருந்து 6,000 வரைக்கும் ஏதாச்சும் பார்க்க முடியுமா? முடியலைன்னாலும் ஓகே லா, பரவாயில்லை."

கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ரெக்ரூட்டராக இருந்தபோது நான் முதலில் தேடியது அதைத்தான். "முடியலைன்னாலும் ஓகே" என்ற வரி இருந்தால், மனிதவளப் பிரிவுக்கு நான் சொல்வது "5,400க்கே வருவார்" என்பதுதான். மேலே எழுதிய ஐந்து வரியையும் அந்த ஒரு வரி அழித்துவிடும். பணிவுக்காக எழுதுகிறோம், படிப்பவருக்கு அது சம்மதம்.

"5,700ல இருந்து 6,000" என்ற வீச்சு இரண்டாவது. வீச்சு சொன்னால் கேட்பவர் காதில் விழுவது கீழ் எண். தங்கை தன் கீழ் எல்லையையே அதில் எழுதிவைத்திருந்தாள். ஒரே எண் எழுதுங்கள்.

வீட்டுக் கடனும் பையன் பள்ளியும் உண்மையான பாரங்கள்தான். ஆனால் ஒப்புதல் தருபவர் தன் படிவத்தில் "வேட்பாளருக்கு வீட்டுக் கடன்" என்று காரணம் எழுத முடியாது. அவர் எழுதக்கூடிய காரணங்கள் மூன்றுதான்: இப்போதைய வருமானம், பொறுப்பின் அளவு, சந்தை நிலவரம். அவற்றில் உங்களிடம் உள்ளதை எடுத்துக் கையில் கொடுங்கள்.

"சாரி", "தோணுது" இரண்டையும் எடுத்துவிட்டால் போதும். 64,800 என்பது கணக்கு; அதற்குத் தோன்றல் தேவையில்லை.

திருத்திய பிறகு போன செய்தி:

"வணக்கம். 5,400 வெள்ளி வாய்ப்புக்கு நன்றி. இந்தப் பொறுப்பில் சேர விரும்புகிறேன்.

இப்போதைய வேலையில் 13ஆவது மாதச் சம்பளமும் படியும் சேர்த்து என் உறுதியான ஆண்டு வருமானம் 64,200 வெள்ளி. இந்த வாய்ப்பில் அது 64,800.

நேர்காணலில் பேசியபடி, இந்த வேலையில் இருவரை வழிநடத்துவதும் ஜொகூர் கிடங்கின் திட்டமிடலும் அடங்கும். இரண்டும் என் இப்போதைய வேலையில் இல்லாதவை. போன ஆண்டு எங்கள் கிடங்கின் மென்பொருள் மாற்றத்தை முன்னின்று முடித்த அனுபவம் இதற்கு நேரடியாக உதவும்.

ஆகவே மாத அடிப்படைச் சம்பளமாக 6,000 வெள்ளி எதிர்பார்க்கிறேன். அதற்கான கடிதம் வந்தால் இந்த வாரமே கையெழுத்திடுவேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் தெரிவிக்க முடியுமா?"

வரிசையைக் கவனியுங்கள். விருப்பம் முதலில் வருகிறது. இல்லாவிட்டால் இந்த ஆள் வரப்போவதில்லை என்று எண்ணி, அடுத்த வேட்பாளரைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். காரணங்கள் எண்ணுக்கு முன்னால் வருகின்றன. எண்ணை முதலில் பார்த்தவர் மறுப்பதற்கான மனநிலையோடுதான் மீதியைப் படிப்பார். கையெழுத்து பற்றிய வரிதான் ரெக்ரூட்டருக்குத் தெம்பு தருகிறது: "6,000 கொடுத்தால் இந்த வாரமே முடியும்" என்று அவர் மேலே சொல்லலாம். அந்த வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். கேட்டது கிடைத்த பிறகு பின்வாங்கினால், அந்த ரெக்ரூட்டர் மறுபடி உங்கள் பெயரை எங்கும் அனுப்ப மாட்டார்.

இப்போதைய வருமானத்தை நிறுவனத்திடம் இதுவரை சொல்லாதவர்கள் இரண்டாம் பத்தியை விட்டுவிடலாம். பொறுப்பு பற்றிய பத்தி மட்டும் நின்றாலே செய்தி தாங்கும்.

இன்னொரு பக்கம் சறுக்குபவர்களும் உண்டு. தொழில்முறையாக எழுதச் சொன்னால் மனு எழுதிவிடுவார்கள்: "என் சம்பளத்தைக் கருணையுடன் மறுபரிசீலனை செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதிய பழக்கம் அது. சலுகை கேட்பவரின் குரல் அதில் இருக்கிறது, எண் இல்லை, காரணமும் இல்லை. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நேர்காணலில் எதிரே இருந்தவரிடம் நீங்கள் பேசிய குரலில் இருந்தால் சரி.

## 6. "பட்ஜெட் இவ்வளவுதான்" என்றால் பணம் வரும் வழியை மாற்றிக் கேளுங்கள்

இரண்டு நாளில் பதில் வந்தது: "5,700 ஃபைனல். அதுக்கு மேல பட்ஜெட் இல்லை." தங்கை தட்டியது: "ஓ அப்படியா, சரி, அப்ப ஓகே." அனுப்புமுன் எனக்குக் காட்டினாள்.

மாதச் சம்பளம் கூட்டப்படாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் உண்மையான காரணம் இருக்கும். அந்தத் தரநிலைக்கு ஒரு மேல் எல்லை உண்டு. அதே வேலையில் ஏற்கெனவே இருப்பவர்களைத் தாண்டினால் உள்ளே புகைச்சல் வரும். ஒருமுறை மட்டும் தரும் தொகைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது அடுத்த ஆண்டு திரும்ப வராத செலவு. ஆகவே 6,000 என்று மீண்டும் முட்டாமல், மார்ச்சில் இழக்கப்போகும் போனஸைப் பற்றிப் பேசினோம்:

"5,700 வெள்ளிக்கு நன்றி, அடிப்படைச் சம்பளமாக அதை ஏற்கிறேன். ஜனவரியில் சேர்ந்தால், மார்ச்சில் எனக்கு வரவேண்டிய போனஸை இழப்பேன். போன ஆண்டு அது 7,200 வெள்ளி. அதை ஈடுசெய்ய 7,200 வெள்ளியைச் சேரும்போது ஒருமுறைத் தொகையாகத் தர முடியுமா? அது முடிவானால் மற்ற எல்லாவற்றுக்கும் சம்மதம்."

கடைசி வரிக்கு ஒரு வேலை இருக்கிறது. இதற்கு மேல் புதிய கோரிக்கை வராது என்று தெரிந்தால்தான் மனிதவளப் பிரிவு இன்னொரு முறை ஒப்புதலுக்குப் போகும். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போவதுதான் இந்தக் கட்டத்தில் பேச்சை முறிப்பது. விடுப்பு, வீட்டிலிருந்து வேலை என்று வேறு ஏதாவது வேண்டுமானால் இதே செய்தியில் சேர்த்துவிடுங்கள்.

5,000 தருவதாகச் சொன்னார்கள். 12 மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. கணக்கு இப்படி வந்தது: உறுதியான வருமானம் 68,400, அதாவது 4,200 கூடுதல். முதல் ஆண்டு 5,000ஐயும் சேர்த்தால் 73,400. பழைய இடத்திலேயே இருந்து போனஸும் வாங்கியிருந்தால் 71,400. சரி சொல்லலாம் என்றேன்.

இல்லாத வாய்ப்பை இருப்பதாகச் சொல்லும் ஆசை இந்த இடத்தில் பலருக்கு வரும். "வேற கம்பெனி 6,200 தர்றாங்க" என்று எழுதினால், ரெக்ரூட்டரின் அடுத்த கேள்வி எந்த நிறுவனம், கடிதம் வந்துவிட்டதா என்பதாக இருக்கும். ஒரே துறையில் ரெக்ரூட்டர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஊர் இது.

## 7. எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்களுக்கு ஒரு வேறுபாடு

பாஸுக்குக் கணக்கில் எடுப்பது நிலையான மாதச் சம்பளம், அதாவது அடிப்படையும் மாதந்தோறும் மாறாமல் வரும் படிகளும். போனஸும் 13ஆவது மாதமும் அதில் சேராது. 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்சம் 5,600 வெள்ளி, நிதித்துறைக்கு 6,200. வயது கூடக்கூட இந்த வரம்பும் கூடும். ஆகவே 6ஆவது படியில் செய்ததுபோல மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து ஒருமுறைத் தொகை வாங்குமுன், உங்கள் வயதுக்கான வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரம்பு உங்கள் பக்கம் இருந்தால் அதையே காரணமாக எழுதலாம்: "என் வயதுக்கான பாஸ் வரம்பின்படி நிலையான மாதச் சம்பளம் இவ்வளவு இருக்க வேண்டும், படிகளை அடிப்படையில் சேர்த்துத் தர முடியுமா?" கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை, விதி மட்டும் இருக்கிறது.

## 8. எழுத்தில் வரும்வரை பழைய வேலையை விடாதீர்கள்

வாட்ஸ்அப்பில் "கன்ஃபர்ம்" என்று வந்ததும் ராஜினாமா கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்குக் கடிதத்தில் ஒருமுறைத் தொகையே இல்லை. அதைப் பேசியவர் விடுப்பில் போய்விட்டார். பழைய வேலை கையை விட்டுப் போன பிறகு வாதாட எதுவும் மிஞ்சவில்லை.

பேசி முடித்த அன்றே ஒரு செய்தி அனுப்புங்கள், இந்த முறை மின்னஞ்சலில்: "இன்று பேசியபடி: அடிப்படைச் சம்பளம் மாதம் 5,700 வெள்ளி, முதல் மாதச் சம்பளத்தோடு ஒருமுறைத் தொகை 5,000 வெள்ளி, ஆண்டு விடுப்பு 18 நாள், சேரும் நாள் ஜனவரி 5. கடிதம் கிடைத்துக் கையெழுத்தானதும் என் நிறுவனத்துக்கு ராஜினாமா கொடுக்கிறேன்."

கடிதம் வந்ததும் இந்த மின்னஞ்சலை அருகில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தங்கையின் கடிதத்தில் ஒருமுறைத் தொகை "தகுதிகாண் காலம் முடிந்த பின்" என்று இருந்தது. அதற்கு அவளே எழுதிய பதில்: "கடிதத்துக்கு நன்றி. ஒருமுறைத் தொகை முதல் மாதச் சம்பளத்தோடு என்று பேசியிருந்தோம், என் மின்னஞ்சலிலும் அப்படியே உள்ளது. திருத்திய கடிதம் அனுப்பினால் அன்றே கையெழுத்திடுகிறேன்." இதை அவள் என்னிடம் காட்டவில்லை, அனுப்பிய பிறகுதான் சொன்னாள். மறுநாள் மாலை திருத்திய கடிதம் வந்தது. பாஸில் இருப்பவர்கள் கையெழுத்துக்குப் பிறகும் பாஸுக்கான கொள்கை அளவிலான ஒப்புதல் வரும்வரை ராஜினாமாவைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.